காபன் வரியா, விக்கிற அனுமதியா?

"ரெண்டும் ஒண்டுதான், பாஸ் பண்ண இது காணும்" எண்டு எங்கட பொருளியல் குறிப்புகளில எழுதி வச்சிருப்பம். அதில பாதிதான் உண்மை எண்டு நான் நினைக்கிறன்.

ஒரு கணக்கைப் பாருங்கோ. ரெண்டு தொழிற்சாலைகள். முதலாவது, புகையில முதல் தொன்னைக் குறைக்க 100 ரூபா செலவழிக்கும், அடுத்ததுக்கு 200, பிறகு 300. இரண்டாவதன்ர இயந்திரம் பழசு; அதுக்கு 300, 600, 900 எண்டு ஏறும். மொத்தம் 80 தொன் குறைக்கவேணும். ஆளுக்கு 40 எண்டு அரசாங்கம் பங்கு பிரிச்சால் மொத்தச் செலவு 3,28,000 ரூபா. ஆனால் அந்த நாற்பதாவது தொன்னுக்கு முதலாவது 4,000 செலவழிக்க, இரண்டாவது 12,000 செலவழிக்குது. முதலாவது 60, இரண்டாவது 20 குறைச்சால் இரண்டின்ரயும் கடைசித் தொன் 6,000 தான். மொத்தம் 2,46,000. அதே காற்று, 82,000 ரூபா மிச்சம்.

தொன்னுக்கு 6,000 ரூபா வரி போட்டாலும் இந்த இடத்துக்கு வரலாம். அனுமதிகளைக் குடுத்து விக்கவிட்டாலும் வரலாம். இதுவரைக்கும் ரெண்டும் ஒண்டுதான்.

பிரச்சினை, ஆற்றை செலவு எவ்வளவு எண்டு அரசாங்கத்துக்குத் தெரியாது. உண்மைச் செலவு இருமடங்கு எண்டு வையுங்கோ. 6,000 ரூபா வரிக்கு 40 தொன்தான் குறையும். அனுமதி முறையில 80 குறையும், ஆனால் விலை 12,000 ஆகும். வரி விலையைப் பிடிக்குது, அனுமதி அளவைப் பிடிக்குது.

அப்ப அனுமதிதானே நல்லது எண்டு கேக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அப்பிடித்தான் தொடங்கினது. அனுமதிகளில பெரும்பங்கு இலவசம். 2006 ஏப்ரலில் கிட்டத்தட்ட 30 யூரோ வரை விலை போனது. பிறகு உண்மையான வெளியேற்றக் கணக்கு வந்துது: குடுத்த அனுமதியை விடப் புகை குறைவு. சில நாளுக்குள்ள விலை பாதிக்குக் கீழ வந்துது. மிஞ்சின அனுமதியை அடுத்த காலகட்டத்துக்குக் கொண்டுபோகவும் ஏலாது. 2007 முடிவில விலை கிட்டத்தட்ட பூச்சியம். அளவைப் பிழையாக எண்ணினால் சந்தையில விலையே இல்லாமல் போகும். விலை இல்லாட்டி புது இயந்திரம் வாங்க எந்த முகாமையாளருக்கு மனம் வரும்?

பிரித்தானியா 2013இல் மின்நிலைய எரிபொருளுக்கு, அனுமதி விலைக்கு மேலதிகமாக ஒரு காபன் வரியையும் போட்டது. 2012இல் மின்சாரத்தில கிட்டத்தட்ட 40 வீதம் நிலக்கரி; 2018இல் அது 5 வீதமளவில். வரி மட்டும் காரணமில்லை, ஆனால் பெரிய காரணம் அதுதான்.

அதனால என்ர நிலைப்பாடு இது: அனுமதியை விக்கவிடுங்கோ, ஆனால் கீழ ஒரு வரியைத் தளமாகப் போட்டு வையுங்கோ. தளமில்லாத சந்தையில, செலவு குறைஞ்ச தொழிற்சாலைக்குக் கூடக் குறைக்க ஒரு காரணமும் மிஞ்சாது.