இது எந்த கேமுக்கும் முன்னோட்டம் அல்ல

கேம் ஜாமில் வரும் இலவச கேம்களுக்குக் கீழே ஒரு கமெண்ட் தவறாமல் இருக்கும். “செம ஐடியா. இதை ஒரு முழு கேமா பண்ணுங்க.” எழுதியவர் பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்த வரிக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: இப்போது நான் ஆடியது முழுசு இல்லை.

இதே வேலையை இலக்கியத்தில் செய்து பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சில பக்கங்களில் முடிந்துவிடும். படித்துவிட்டு யாராவது “நல்லா இருக்கு, இதை நாவலா எழுதியிருக்கலாம்” என்றால் அவரை என்ன சொல்வோம்? கதை புரியவில்லை என்போம். கேம் என்று வந்ததும் அதே ஆள் ரசிகர் ஆகிவிடுகிறார். எனக்கு இந்த ரசிகரோடுதான் சண்டை.

கேம் ஜாம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு தலைப்பு அறிவிப்பார்கள், ஒரு கெடு வைப்பார்கள், அதற்குள் ஒரு கேம் செய்து முடிக்க வேண்டும். 2002-இலிருந்து நடந்துவந்த லூடம் டேர் இதில் பழைய பெயர். அதில் தனியாகச் செய்பவருக்கு 48 மணி நேரம். படம், இசை, நிரல் எல்லாமே அந்த நேரத்துக்குள் அவரே செய்ய வேண்டும். குழுவாகச் செய்தால் 72 மணி நேரம்.

2013 ஆகஸ்டில் நடந்த 27-ஆவது லூடம் டேரின் தலைப்பு ‘10 நொடிகள்’. பத்து நொடி என்றதும் கை எங்கே போகும்? வெடிகுண்டை அணைப்பது, ஓடித் தப்பிப்பது, பத்து நொடிக்கு ஒரு முறை செத்துப் பிறப்பது. அந்த ஜாமுக்கு ஆனா ஆந்த்ரோபி செய்த கேமின் பெயர் ‘குயர்ஸ் இன் லவ் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’. படம் கிடையாது, வெறும் எழுத்து. உலகம் அழியப் போகிறது. நீங்களும் உங்கள் காதலியும் மட்டும் சேர்ந்து நிற்கிறீர்கள். அவளை முத்தமிடலாம், அணைக்கலாம், கையைப் பிடிக்கலாம், ஏதாவது சொல்லலாம். ஒவ்வொன்றும் ஒரு சுட்டி. அழுத்தினால் இன்னும் சில வரிகள், அவற்றுக்குள் இன்னும் சில சுட்டிகள். எண்ணிக்கை பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து நொடி ஆனதும், நீங்கள் எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் சரி, எல்லாம் துடைத்து எடுக்கப்பட்டுவிடும். அவ்வளவுதான். வேண்டுமானால் மறுபடி தொடங்கலாம்.

இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. படிப்பதில் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர் மனதுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சொல் படிப்பார். பத்து நொடிக்கு 40 சொல். இந்த 40 சொல்தான் உங்கள் கையில் இருக்கும் மொத்தக் காசு. ஒரு வரியை ரசித்துப் படித்தால் அடுத்த முத்தத்துக்கு நேரம் இல்லை. படிக்காமல் படபடவென்று அழுத்திக்கொண்டே போனால் நாலைந்து பக்கம் உள்ளே போய்விடலாம், ஆனால் அவளை என்ன செய்தோம் என்றே தெரியாது. சாதாரண மின்கதையில் வாசகர் நின்று யோசிக்கலாம், அதற்கு விலை கிடையாது. இங்கே நிற்பதற்கும் விலை, ஓடுவதற்கும் விலை. முதல் தடவை பெரும்பாலும் எதையும் முடிக்க மாட்டோம். நாலாவது தடவை வழி தெரிந்துவிடும், “இந்தத் தடவை சரியா பண்ணிடலாம்” என்று உட்காருவோம். பத்தாவது தடவைதான் உறைக்கும்: சரியாகப் பண்ணுவது என்று ஒன்று இல்லவே இல்லை. ஜெயிக்கும் பாதையை ஆந்த்ரோபி ஒளித்து வைக்கவில்லை. மிச்சம் வைத்துப் போகாத பிரிவு எதுவும் கிடையாது, கேம் சொல்வது அதைத்தான். அதை எங்கேயும் வாக்கியமாகச் சொல்லாமல் நம் விரலிடம் சொல்கிறது.

இப்போது அந்தக் கமெண்ட்காரரை வரச்சொல்லுங்கள். முழு கேமாக ஆக்குவோம். பத்து நொடியை அறுபது நொடி ஆக்கினால் என்ன ஆகும்? வரிகளை நிதானமாகப் படித்து முடித்துவிடலாம். படித்து முடித்துவிட்டால் இழப்பு இல்லை. இழப்பு இல்லையென்றால் இது ஒரு சுமாரான காதல் கவிதைத் தொகுப்பு. பத்து மணி நேரம் ஆக்கினால்? விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வேண்டும். உலகம் அழியும் நேரத்தில் ‘சேமித்துவிட்டு வெளியேறு’! ஒரு நொடி சேர்த்தாலே பொருள் மாறிவிடும் ஒன்றை எங்கே கொண்டுபோய் வளர்ப்பது?

இது எவ்வளவு நுணுக்கமான அளவு என்பது நீங்களே ஒன்று செய்து பார்த்தால் புரியும். ஆந்த்ரோபி பயன்படுத்திய ட்வைன் இலவசம், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதில் இன்று பரவலாக இருக்கும் சுகர்க்யூப் வடிவத்தில் ‘பத்து நொடி கழித்து முடிவுப் பக்கத்துக்குப் போ’ என்று முதல் பக்கத்தில் ஒரு கட்டளை வைக்கலாம். வைத்துவிட்டு முதல் பக்கத்திலேயே காத்திருந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஆடுபவர் ஒரு சுட்டியை அழுத்திப் பக்கம் மாறிய உடனே அந்தக் கட்டளை ரத்தாகிவிடும். உலகம் அழியவே அழியாது. சரி, எல்லாப் பக்கத்திலும் வைப்போம் என்றால் பக்கத்துக்குப் பத்து நொடி கிடைத்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: வேகவேகமாகச் சுட்டிகளை அழுத்திக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பாருங்கள், பதினைந்து நொடியிலும் உயிரோடு இருந்தால் தப்பு. தொடங்கிய நேரத்தை ஒரு மாறியில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நொடிக்குப் பல தடவை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கலும் வரும். வினைமுற்று கடைசியில் வருவதால், முத்தமா விலகலா என்பது வரியின் ஓரத்தில்தான் தெரியும். ஆங்கிலத்துக்குப் பொருந்திய பத்து நொடி நமக்குப் பொருந்துமா என்று ஆட்களை உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். “சின்ன கேம்தானே” என்பவர்களுக்கு இந்த வேலை தெரியாது.

உடனே ஒரு பதில் வரும். “அப்படின்னா பாபா இஸ் யூ?” நியாயமான கேள்வி. ஃபின்லாந்தின் ஆர்வி டெய்காரி 2017 நார்டிக் கேம் ஜாமில் செய்தது அது. 2019-இல் இருநூறுக்கும் மேற்பட்ட புதிர்களோடு விலைக்கு வந்தது, அருமையாகவும் இருக்கிறது. டேனியல் முல்லின்ஸ் 2018 இறுதியில் லூடம் டேருக்குச் செய்த சீட்டாட்டம் 2021-இல் ‘இன்ஸ்க்ரிப்ஷன்’ ஆனது, அதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாபாவில் கண்டுபிடிப்பு ஒரு விதி: கேமின் சட்டங்களே தள்ளி நகர்த்தக்கூடிய சொற்கட்டைகளாகக் கிடக்கின்றன. ஒரு நல்ல விதி விதைநெல் மாதிரி, போட்டால் முளைக்கும். ஆந்த்ரோபியின் கண்டுபிடிப்பு ஒரு கணம். கணத்தை விதைக்க முடியாது. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: செய்தவருக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் எதைச் சேர்த்திருப்பார்? “இன்னும் நாற்பது லெவல்” என்று உடனே பதில் வந்தால் அது முன்மாதிரி, வளரட்டும். எதைச் சேர்த்தாலும் கெடும் என்று தோன்றினால் அது முடிந்த படைப்பு. பதிலே தோன்றாத, நேரம் போதாமல் பாதியில் கிடக்கும் கேம்கள்தான் எந்த ஜாமிலும் அதிகம், அதையும் மறைக்க வேண்டாம். நாம் செய்யும் தவறு, மூன்றையும் ஒரே கூடையில் போட்டு ‘ஐடியா’ என்று பெயர் ஒட்டுவது.

ஜாம்களின் மதிப்பெண் முறையும் இதற்குத் துணை போகிறது. லூடம் டேரில் கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை ஒருவர் ஆடி ஐந்துக்கு நட்சத்திரம் போடுவார்கள். புதுமைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, மனநிலைக்கு ஒன்று. அதோடு ‘ஜாலி’ என்றும் ஒரு கட்டம். காதலியை இழக்கும் பத்து நொடிக்கு ஜாலியில் எத்தனை போடுவீர்கள்?

பெயரில் என்ன இருக்கிறது, ஆடிவிட்டுப் போவோம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் முன்மாதிரி என்று நாம் பெயர் வைத்ததை யாரும் பாதுகாப்பதில்லை. எத்தனையோ ஜாம் கேம்கள் ஃபிளாஷில் செய்யப்பட்டவை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. யூனிட்டியின் பழைய வெப் பிளேயரில் செய்தவை அதற்கும் முன்னால், 2015-இல் குரோம் அந்த வகைச் செருகுநிரல்களை நிறுத்தியபோதே பலருக்கும் திறக்காமல் போயின. செய்தவர்கள் பலர் கோப்பை ட்ராப்பாக்ஸின் பொது ஃபோல்டரில் வைத்துச் சுட்டி கொடுத்திருந்தார்கள். 2017-இல் அந்த வசதி போனது, சுட்டிகளும் செத்தன. கடைக்குப் போன கேமுக்குப் புதுக் கணினியில் ஓடவைக்கப் பணமும் ஆளும் கிடைக்கும். இலவச கேமுக்கு யார் இருக்கிறார்கள்? ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வத் திட்டமும், ஃபிளாஷைப் போலவே நடந்து காட்டும் ரஃபிள் என்ற இலவச மென்பொருளும் ஒரு பகுதியை மீட்டிருக்கின்றன. அவர்கள் கைக்கு எட்டாதது போனது போனதுதான். ஆந்த்ரோபியின் கேம் பிழைத்ததற்கு ஒரு காரணம், ட்வைன் தருவது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. எந்த உலாவியிலும் திறக்கும், பென்டிரைவில் போட்டு வைக்கலாம்.

ஆகவே, அடுத்த தடவை மூன்று நிமிட கேம் ஒன்று உங்களைக் கலைத்துப் போட்டுவிட்டால், “முழு கேமா பண்ணுங்க” என்று எழுதாதீர்கள். எந்த இடத்தில் கை நின்றது என்று எழுதுங்கள். செய்தவர் அனுமதித்திருந்தால் கோப்பை இறக்கி வையுங்கள். கதைக்கு மதிப்புரை எழுதும் பத்திரிகைகள் இவற்றுக்கும் பெயர், ஆண்டு, செய்தவர் சொல்லி மதிப்புரை எழுதட்டும். அந்தப் பத்து நொடியைச் செய்தவர் நாம் ஆடத் தொடங்கும் முன்பே அதை முடித்துவிட்டார். நமக்குத்தான் அதை முடிந்ததாக ஏற்க மனசு வரவில்லை.