முகத்தை மறைக்க மூன்று வித்தைகள்

மகளின் பிறந்தநாள் வீடியோவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட எடிட் செய்துகொண்டிருந்தாள் என் தங்கை. பக்கத்து வீட்டு அம்மா, “எங்க பாப்பா முகம் மட்டும் தெரிய வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டார். அந்தக் குழந்தை ஓடிவருவது 8 விநாடிதான். வெட்டிவிட்டால் கேக் வெட்டும் காட்சியே போய்விடும்!

முதலில் லேயர். வீடியோவை காப்பி எடுத்து, அதே நேரத்தில் தொடங்கும்படி மேல் வரிசையில் வைத்தோம். மேலே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காப்பிக்கு மட்டும் நன்றாக ப்ளர் கொடுத்தோம். ஒலியை ம்யூட் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பாட்டு இரட்டிப்பாகக் கேட்கும்.

இப்போது படம் முழுக்க மங்கலாக இருக்கும். இங்கேதான் மாஸ்க் வருகிறது. கோல அச்சில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் பொடி விழுகிறது அல்லவா? அதுபோல, மேல் லேயரில் வட்ட மாஸ்க் போட்டால் வட்டத்துக்குள் மட்டும் மங்கல் படம் தெரியும். மற்ற இடத்தில் கீழே உள்ள தெளிவான படம் வந்துவிடும். வட்டம் தலையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரை அதிகம் கூட்டினால், கன்னமும் தாடையும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

குழந்தை நகருமே, வட்டம் நகராதே? அதற்குத்தான் கீஃப்ரேம். ‘இந்த நொடியில் வட்டம் இங்கே, இவ்வளவு பெரிது’ என்று குறித்து வைப்பது அது. தொடக்கத்தில் ஒன்று, 3வது விநாடியில் ஒன்று குறித்தோம். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் இடையில் உள்ள 74 ஃப்ரேமையும் சாஃப்ட்வேரே நிரப்பிக்கொள்ளும். ஆனால் அது நேர்கோட்டில்தான் போகும். பாப்பாவோ நடுவில் பலூன் எடுக்கக் குனிந்தாள். வட்டம் நேரே போக, முகம் பளிச்சென்று வெளியே! அவள் நன்றாகக் குனிந்திருக்கும் ஃப்ரேமில் இன்னொரு கீஃப்ரேம் வைத்ததும் சரியானது. அவள் கேமராவை நெருங்கியபோது வட்டத்தின் அளவையும் கூட்டினோம்.

நாங்கள் ஏமாந்த இடம் வேறு. அவள் தாத்தாவுக்குப் பின்னால் மறைந்ததும் தாத்தாவின் சட்டை மங்கலானது. அங்கே தெரியும் அளவை, அதாவது ஒபாசிட்டியை, 0 ஆக்கினோம். அதற்கு முந்தைய கீஃப்ரேம் ஒரு விநாடி முன்னால் இருந்ததால் ப்ளர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அவள் மறைவதற்குள்ளேயே முகம் தெரிந்துவிட்டது. 100 என்று ஒரு ஃப்ரேமிலும், 0 என்று அடுத்த ஃப்ரேமிலுமாக ஒட்டி ஒட்டி வைத்தோம். அவள் மறுபுறம் வெளிவருவதற்கு ஒரு ஃப்ரேம் முன்பே திரும்ப 100.

எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைத்தான் அனுப்பவேண்டும். அதற்கு முன் அந்த 8 விநாடியையும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். ஓட்டத்தில் கண்ணுக்குத் தப்பும் ஒரே ஒரு ஃப்ரேமை யாராவது நிறுத்திப் பார்க்கலாம். தங்கை இரண்டு ஃப்ரேம் கண்டுபிடித்தாள். இரண்டுமே தூணருகே பாப்பா திரும்பிய இடத்தில்!