அவுரி என்று எழுதினால் போதாது

வங்கியில் 34 வருடம் இருந்தவன் நான். தூத்துக்குடிக் கிளையில் இருந்தபோது முத்துக்குமார் என்ற பெயரில் எத்தனை கணக்கு இருந்தது என்று எண்ணியதே கிடையாது. சவுண்டில் வந்து நின்று "சார், முத்துக்குமார் கணக்குல போட்டுருங்க" என்று பணத்தை நீட்டுவார்கள். எந்த முத்துக்குமார், கணக்கு எண் என்ன என்று கேட்காமல் ஒரு ரூபாய் வரவு வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகு, பெயரை மட்டும் நம்பிச் சரக்கு அனுப்பி மாட்டிக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

வீடு முத்தையாபுரத்தில். இங்கே சுற்றிலும் உப்பளம், அதனால் நிலம் விளாத்திகுளம் பக்கம், கரிசல். மானாவாரியில் இரண்டு ஏக்கர் அவுரி போடுகிறேன். மழை குறைந்தாலும் தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் தேங்கினால் மட்டும் போய்விடும். இலையை உருவி நிழலில் காயவைத்தால் தூத்துக்குடி வியாபாரிகள் வாங்கித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் அவுரி என்றால் இதுதான். நிலாவாரை, நிலவாகை என்றும் சொல்வார்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பேதி மருந்து இலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் நடக்கும் ஓர் இயற்கைச் சந்தைக்கு 5 கிலோ கேட்டார்கள். இடைத்தரகர் இல்லாமல் விற்கிறோம் என்ற சந்தோஷத்தில், 100 கிராம் பொட்டலமாகப் போட்டு "இயற்கை அவுரி இலை" என்று எழுதி அனுப்பினேன். பத்து நாளில் ஒரு அம்மா போன் போட்டார்கள். "ஐயா, மருதாணி போட்டு அலசிட்டு, அதுக்கு மேல உங்க அவுரியை அரைச்சுப் போட்டேன். முடி கருக்கவே இல்லையே?" எனக்குச் சிரிப்பு வந்தது. பேதி இலையைத் தலையில் போட்டால் எப்படிக் கருக்கும்?

அடுத்த போன் வந்தபோது சிரிப்பு நின்றுபோனது. ஒருவர் தன் அப்பாவுக்கு, 74 வயது, ஏதோ பூச்சி கடித்துத் தடிப்பு வந்ததால், விஷ முறிவுக்கு அவுரி நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் இலையைக் கைப்பிடி அள்ளிக் கஷாயம் வைத்து இரவில் கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் ஆரம்பித்த பேதி நிற்கவில்லை. பெரியவர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர். உடம்பில் பொட்டாசியம் இறங்கி, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வந்தார். மகன் என்னைத் திட்டவில்லை. "ஐயா, நீங்க அனுப்புனது அவுரிதானே?" என்று மட்டும் கேட்டார். "அவுரிதான் தம்பி" என்றேன். அதில் பொய் இல்லை, அதுதான் வம்பு.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போய் அவுரி என்று கேளுங்கள். நீலச் சாயம் எடுக்கும் செடியைக் காட்டுவார்கள். சித்த மருத்துவ நூல்களில் நீலி என்று வருவதும், விஷ முறிவுக்குச் சொல்வதும், மருதாணிக்கு மேல் போட்டு முடியைக் கருப்பாக்குவதும் அந்தச் செடிதான். அதற்கும் என் வயலில் நிற்பதற்கும் பயறு குடும்பம் என்பதைத் தவிர வேறு உறவில்லை.

தாவரவியல் பெயரைக் கேட்டிருந்தால் ஒரே நொடியில் தீர்ந்திருக்கும். சாய அவுரி, இண்டிகோஃபெரா டிங்க்டோரியா. முதல் சொல்லுக்கு நீலம் தருவது என்றும், இரண்டாவதற்குச் சாயத்துக்குரியது என்றும் பொருள். பேதி அவுரி, சென்னா அலெக்சாண்ட்ரினா. ஒரு காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர். நம் ஊர் இலைக்கு வெளிநாட்டுச் சந்தையில் திருநெல்வேலிச் சென்னா என்றே பெயர் என்பது தனிப் பெருமை.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் போலவே குழம்புவீர்கள். பழைய புத்தகங்களிலும் பல பொட்டலங்களிலும் இதே செடிக்குக் காசியா அங்கஸ்டிஃபோலியா என்று போட்டிருக்கும். அங்கஸ்டிஃபோலியா என்றால் குறுகிய இலை. காசியாவில் இருந்த பல செடிகளை ஆய்வாளர்கள் 1982-ல் சென்னாவுக்கு மாற்றினார்கள். வங்கிகள் இணைந்தபோது பழைய பாஸ்புக் எண் போய்ப் புது எண் வந்ததே, அதுபோலத்தான். ஆள் ஒருவர், எண் இரண்டு. ஆனால் காசியா என்று முதல் சொல்லை மட்டும் எழுதினால் பிரயோசனம் இல்லை. கொன்றையும் காசியாதான், மசாலா வியாபாரத்தில் ஒருவகைப் பட்டைக்கும் அதுதான் பெயர். இரண்டு சொல்லும் வேண்டும்.

லத்தீன் பெயர் அச்சடித்துவிட்டால் உள்ளே இருப்பது மாறிவிடாது, அதுவும் தெரியும். அதனால் பொடியாக வாங்காதீர்கள், இலையாக வாங்குங்கள். பேதி அவுரியின் சிற்றிலை ஈட்டி மாதிரி கூர்மையாக, ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை நீளும். காய்ந்தால் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. அடிப்பகுதியில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சாய அவுரியின் சிற்றிலை அதைவிடச் சின்னது. நுனி உருண்டை, காய்ந்தால் கருநீலம் ஓடும். வயலில் என்றால் இன்னும் சுலபம். பேதி அவுரியில் மஞ்சள் பூவும் தட்டையான அகலக் காயும். சாய அவுரியில் இளஞ்சிவப்புச் சின்னப் பூக்கொத்தும் குச்சி போன்ற ஒல்லிக் காயும்.

பொடி ஏற்கெனவே கையில் இருந்தால், ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். சாய அவுரி என்றால் காற்றுப் பட்ட மேற்பரப்பில் நீலம் படரும். பேதி அவுரி எத்தனை நேரம் வைத்தாலும் நீலம் ஆகாது. ஆனால் பழசாகிப்போன சாய அவுரியும் நீலம் காட்டாமல் போகலாம். ஆகவே நீலம் வந்தால் சாய அவுரி என்று தெரியும். வராவிட்டால் எதுவும் நிரூபணம் இல்லை, வாயில் மட்டும் வைக்காதீர்கள்.

நம் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் எழுந்து, "அண்ணாச்சி, நம்ம பாட்டன் லத்தீன் படிச்சா வைத்தியம் பாத்தான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டன் செடியைக் கையால் பறித்துக் காட்டினான், வாங்குகிறவனும் அதே ஊர்க்காரன். எங்கள் அவுரி எங்கள் ஊருக்குள் இருந்தவரை ஒருவருக்கும் கெடுதல் இல்லை. பொட்டலத்தில் ஏறி 600 கிலோமீட்டர் போனபோதுதான் பெயர் கைவிட்டது. தமிழ்ப் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். நம் இயக்கத்தின் விதைத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் மூலிகை என்று விற்கும் எதற்கும் அந்த வரி இல்லாமல் இடம் தரக்கூடாது என்பது என் கருத்து. சான்றிதழ் கேட்கிறோம், ரசாயனம் போட்டாயா என்று கேட்கிறோம். என்ன செடி என்று கேட்க மட்டும் கூச்சப்படுகிறோம்.

இப்போது என் பொட்டலத்தில் "அவுரி (நிலாவாரை), சென்னா அலெக்சாண்ட்ரினா, பேதி இலை, முடிக்கு அல்ல" என்று இருக்கிறது. விற்பனை கொஞ்சம் குறைந்தது. முடிக்கு வாங்கியவர்கள் போய்விட்டார்கள், போகட்டும்.

போன மாதம் ஒரு விதைப் பரிமாற்றத்தில் "நாட்டு அவுரி" என்று எழுதிய காகிதப் பொட்டலம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். என் அவுரி விதை தட்டையாக, விரலில் எடுக்கும்படி இருக்கும். இது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கட்டை விதை. சாய அவுரியாக இருக்கலாம். கொடுத்தவருக்குத் தாவரவியல் பெயர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை பொட்டலம் பீரோ மேல்தான் இருக்கும்.