குறியீடு குறைந்தால் எடை குறையுமா?

‘கிளைசீமிக் குறியீடு குறைந்தது’ என்னும் வாசகத்துடன் அரிசியும் பிஸ்கட்டும் இன்று கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை உண்டால் உடல் எடை குறையும் என நம்பி வாங்குவோர் நம்மிடையே பலர். அந்த நம்பிக்கைக்கு உரிய அளவுகோல் அதுவன்று என்பதே நம் கருத்து.

டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981-இல் இக்குறியீட்டை அறிமுகப்படுத்தினர். செரிக்கத்தக்க மாவுச்சத்து 50 கிராம் அடங்கிய உணவைச் சுமார் பத்துப் பேருக்கு வெறும் வயிற்றில் அளித்து, இரண்டு மணி நேரத்திற்கு அவர்களது இரத்தச் சர்க்கரையின் உயர்வை அளக்கின்றனர். அதே அளவு குளுக்கோஸ் உண்டாக்கும் உயர்வை 100 எனக் கொண்டு இதனை ஒப்பிடுகின்றனர். 55 வரை குறைவு. 70-உம் அதற்கு மேலும் மிகுதி.

இதனை வட்டி விகிதத்தோடு ஒப்பிடலாம். அசல் தெரியாமல் விகிதத்தை மட்டும் கொண்டு வட்டித் தொகையைக் கணக்கிட இயலாது. இங்கே அசல் என்பது தட்டில் உள்ள மாவுச்சத்தின் அளவு. அதனைக் குறியீட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கிடைப்பது ‘கிளைசீமிக் சுமை’.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 42 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசியின் குறியீடு 70 எனில் சுமை 29. இனி குறியீடு 55 உள்ள அரிசிக்கு மாறுகிறோம். ‘இது நல்ல அரிசிதானே’ என்று ஒன்றரைக் கிண்ணம் உண்கிறோம். மாவுச்சத்து 63 கிராமாகிறது. சுமையோ 35-ஐத் தொடுகிறது. கலோரி பாதியளவு கூடிவிடுகிறது. விகிதம் குறைந்தும் தொகை உயர்ந்துவிட்டது.

மற்றொரு குறையும் உண்டு. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலின் குறியீடு வேகவைத்த கிழங்கினதைவிடக் குறைவாகவே அமைவதுண்டு. எடை கூட்டுவதில் எது முந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை மெதுவாக ஏறினால் பசி தாமதிக்கும், அதனால் உண்பது குறையும் என்பது இக்குறியீட்டை ஆதரிப்போரின் வாதம். ஆயினும் உடல் பருமன் உடையோரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை, பிற உணவு முறைகளோடு ஒப்பிடுகையில் குறைந்த குறியீட்டு உணவால் எடையில் வேறுபாடு சிறிதே அல்லது இல்லை என்றே கூறுகிறது.

நீரிழிவு உடையோர் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் கட்டுப்படுத்த இக்குறியீடு துணைசெய்யும். அப்பயனை நாம் மறுக்கவில்லை. எடை குறைய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது பையின் முகப்பிலுள்ள குறியீட்டை அன்று. பின்புறத்தில் அச்சிட்டுள்ள கலோரியையும், தம் தட்டில் விழும் அளவையுமே.