தப்பு கிளாரினெட்டில் இல்லை, தாளில்!

போன வருடம் எங்கள் கல்லூரி ஆண்டு விழா ஒத்திகையில் ஒரு ஜூனியர் தம்பி எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினான். அவன் கிளாரினெட், நான் பியானோ. பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் (1824) வரும் 'ஓட் டு ஜாய்' மெட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். ரொம்ப எளிமையான மெட்டுதான். ஆனால் முதல் ஸ்வரத்திலேயே காதைக் கிழித்தது. "சுருதி சேர்க்கக்கூடத் தெரியாதா?" என்று ஆளாளுக்கு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு ரீடைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

உண்மையில் அவன் தாளில் இருந்ததை அப்படியே, ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்திருந்தான். அந்தத் தாளை எழுதியது நான். இந்தப் பதிவு ஒரு வகையில் அவனிடம் கேட்கும் மன்னிப்பு.

முதலில் அடிப்படை. நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் கிளாரினெட் 'பி ஃபிளாட்' கிளாரினெட். அதில் தாளில் உள்ள 'சி'யை வாசித்தால் வெளியே கேட்பது பியானோவின் 'பி ஃபிளாட்'. நம் கணக்கில் சொன்னால், அவன் ஒரு கட்டை என்று நினைத்து ஊதுவது ஆறரைக் கட்டையாக வருகிறது. எந்த ஸ்வரத்தை வாசித்தாலும், கறுப்புக் கட்டையையும் சேர்த்து எண்ணினால், பியானோவில் இரண்டு கட்டை தள்ளிக் கீழே கேட்கும்.

"அப்படியென்றால் கேட்கிற ஸ்வரத்தையே தாளில் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சுற்று வழி?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிளாரினெட் ஒரே அளவில் வருவதில்லை. 'ஏ' கிளாரினெட் கொஞ்சம் நீளம், 'ஈ ஃபிளாட்' கிளாரினெட் குட்டை. தாளில் 'சி' என்றால் எல்லாவற்றிலும் விரல்கள் ஒரே இடத்தில்தான் வைக்கப்படும். வாசிப்பவர் விரல் பாடத்தை ஒரே ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். அதற்கு ஈடாக, ஸ்வரத்தை மாற்றி எழுதும் வேலை எழுதுபவன் தலையில் விழுகிறது. அதனால் என் கட்சி இதுதான்: மாற்றி எழுதுவது எழுதுபவனின் பொறுப்பு. "நீயே பார்த்து மாத்தி வாசிச்சுக்கோ" என்று பியானோ தாளைக் கிளாரினெட்காரர் கையில் திணிப்பது சோம்பேறித்தனம்.

சரி, நான் செய்த தப்பு என்ன?

கர்நாடக ஸ்வரத்தில் இந்த மெட்டின் முதல் வரி: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நான் பியானோவில் வாசித்தது 'டி'யில், அதாவது இரண்டு கட்டையில். அதனால் 'க' என்பது எஃப் ஷார்ப், 'ம' ஜி, 'ப' ஏ. தாளின் முகப்பில் எஃப், சி என்று இரண்டு ஷார்ப்.

கிளாரினெட் இரண்டு கட்டை கீழே கேட்கும் என்பதால் தாளில் இரண்டு கட்டை மேலே எழுத வேண்டும். இதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு படி மேலே தள்ளினேன். எஃப் இருந்த இடத்தில் ஜி, ஜி இருந்த இடத்தில் ஏ. முகப்பில் இருந்த இரண்டு ஷார்ப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அங்கேதான் போச்சு!

எஃப் ஷார்ப் ஜி ஷார்ப்பாக மாறியிருக்க வேண்டும். என் தாளில் வெறும் ஜி. அதைக் கிளாரினெட் வாசித்தால் கேட்பது எஃப். பியானோவிலோ எஃப் ஷார்ப். 'ஸ'வும் 'ப'வும் சரியாக இருக்க, காந்தாரம் மட்டும் அரை ஸ்வரம் இறங்கி, பியானோவோடு உரசுகிறது. அதாவது நான் சங்கராபரணம் வாசிக்க, தம்பியின் தாளில் இருந்தது கரகரப்ரியாவின் ஸ்வர வரிசை :)

சரியான முறை தலைகீழ். புள்ளிகளைத் தொடுவதற்கு முன்னால் முகப்பை மாற்ற வேண்டும். டி-க்கு இரண்டு கட்டை மேலே இ. இ-யின் முகப்பு நான்கு ஷார்ப். முதலில் அந்த நான்கையும் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு புள்ளியையும் ஒரு படி ஏற்றினால் ஜி தானாகவே ஜி ஷார்ப் ஆகிவிடும். எந்த மெட்டுக்கும் இதே கணக்குதான்: பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு முகப்பில் இரண்டு ஷார்ப் கூடும், அல்லது இரண்டு ஃபிளாட் குறையும். எஃப்-இல் இருந்தால் ஒரு ஃபிளாட் போய் ஒரு ஷார்ப் வரும்.

தாளில் என்ன கோளாறு என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மெட்டு முழுவதும் ஒரே சீராக இரண்டு கட்டை கீழே கேட்டால், பியானோ தாளையே மாற்றாமல் கொடுத்துவிட்டோம். சில ஸ்வரம் மட்டும் உரசினால் முகப்பில் தப்பு. திசையை மாற்றிக் கீழே எழுதிவிட்டால் மெட்டு நான்கு கட்டை இறங்கிவிடும். இதுதான் ஏமாற்றும் தப்பு. நம் மெட்டில் முதல் ஸ்வரம் எஃப் ஷார்ப்புக்குப் பதில் 'டி'யாகக் கேட்கும். பியானோவின் டி மேஜர் கார்டில் 'டி' இருப்பதால் சேர்வது போலவே இருக்கும். மூன்றாவது ஸ்வரத்தில்தான் குட்டு உடையும்.

தாளைத் திருத்தியதும் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். நான்கு ஷார்ப் பயமுறுத்துவது ஒரு பக்கம். மெட்டு ஜி ஷார்ப், ஏ, பி என்று ஏறுகிறது. அந்த ஏ-க்கு இடது ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு கீயை அழுத்தினால் போதும். அடுத்த பி-க்குக் கிட்டத்தட்ட எல்லா விரல்களையும் ஒரே நேரத்தில் வைத்து, கட்டை விரலால் ரெஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும். இரண்டாம் வருடம் கற்கிற பையனுக்கு அந்தத் தாவலில் சத்தம் உடைந்துதான் வரும். கணக்குப்படி தாள் சரி, ஆனால் வாசிப்பவனைப் பார்த்து எழுதிய தாள் இல்லை.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பியானோவைப் பி ஃபிளாட்டுக்கு மாற்றினேன், எனக்கு இரண்டு ஃபிளாட். தம்பியின் தாள் சி-க்கு வந்தது. முகப்பில் ஒன்றுமே இல்லை. மெட்டு இ, இ, எஃப், ஜி என்று அந்தத் தாவலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. மறுநாள் ஒத்திகையில் ஆரம்பிக்கும் முன் அவனை ஒரு 'சி' வாசிக்கச் சொன்னேன், நான் பி ஃபிளாட் அடித்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிறகு மெட்டின் முதல் ஸ்வரம். அதுவும் ஒட்டியது. பத்து வினாடிச் சோதனை, முதல் நாளே செய்திருந்தால் அவன் அந்தத் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

ஆகவே மக்களே, அடுத்த முறை கிளாரினெட் அபஸ்வரமாகக் கேட்டால் வாசிப்பவனை முறைப்பதற்கு முன் தாளைக் கையில் வாங்கி முகப்பைப் பாருங்கள்.

பி.கு: மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருள் இதைத் தானாகவே மாற்றித் தரும். ஆனால் "Concert Pitch" பொத்தான் அழுத்தியபடி இருந்தால் கிளாரினெட் தாளிலும் பியானோ ஸ்வரமே அச்சாகும். அச்சடிக்கும் முன் அதை அணைத்துவிட்டு, முகப்பு மாறுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.