முதலில் வந்ததா, முதலில் முடிவதா?

“பழைய சரக்கை எங்களிடம் தள்ளிவிடுகிறார்களோ?” மருந்தகச் சாளரத்தில் சிலர் இவ்வாறு ஐயுறுவதுண்டு. காலாவதி நெருங்கிய அட்டையை முதலில் வழங்குவதே சரியான முறை என்பது என் கருத்து. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பிந்தி வந்த பெட்டி முந்திக் காலாவதியாகலாம். எனவே மருந்து வந்த நாளைப் பார்த்து அடுக்குவது போதாது. இருப்புப் பட்டியலில் ஒவ்வொரு பேட்ச் எண்ணையும் தனி வரியில் எழுதி, முதலில் காலாவதியாவதை மேலே வைக்க வேண்டும். அலமாரியிலும் அதுவே முன்வரிசையில் நிற்க வேண்டும்.

எல்லை எது? சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அட்டையில் ‘09/2026’ என்றிருந்தால், செப்டம்பர் 30 வரை அதனை உட்கொள்ளலாம். ஜூலை 10 அன்று 90 நாள்களுக்கு அதனைப் பெறுபவர் அக்டோபர் 7 வரை உட்கொள்வார்; கடைசி ஏழு நாள்களும் காலாவதியான மாத்திரைகளே. ஆகவே அந்தப் பேட்ச் 30 நாள்களுக்கு வாங்குபவருக்குரியது. 90 நாள்களுக்கு வாங்குபவருக்கு அடுத்த பேட்சை வழங்குவதே முறை.

தாங்களும் சாளரத்தைவிட்டு அகலுமுன், கடைசி மாத்திரையை உட்கொள்ளும் நாளை எண்ணிப் பாருங்கள். அது காலாவதி மாதத்தைக் கடந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். அட்டையை வெட்டித் தந்தால், பேட்ச் எண்ணும் காலாவதியும் ரசீதில் உள்ளனவா என்று பார்த்து, மருந்து தீரும்வரை அதனைப் பாதுகாத்து வையுங்கள். அந்தப் பேட்ச் குறையுடையதெனத் திரும்பப் பெறப்பட்டால், தங்களிடமிருப்பது அதுதானா என்று அறிய அவ்வெண்ணே துணை.