உடன் பார்ப்பது வேறு, விமர்சிப்பது வேறு

சென்ற மாதம் என் தங்கை மகன் கைப்பேசியும் கையுமாக வந்து நின்றான். அவன் யூடியூபில் ஏற்றிய ரியாக்‌ஷன் வீடியோவுக்குப் பதிப்புரிமைக் கோரல் வந்திருந்தது. "மாமா, 'உரிமை அவர்களுக்கே' என்று கீழே எழுதித்தானே போட்டேன்!" என்று முறையிட்டான். வீடியோவைப் பார்த்தேன். மொத்தம் 11 நிமிடம். அதில் ஏறக்குறைய 9 நிமிடம் ஒரு தொலைக்காட்சி விவாதம் இடைவிடாது ஓடுகிறது. மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் நம் பிள்ளை தலையாட்டுகிறான், சிரிக்கிறான், இடையிடையே "சரியான கேள்வி" என்கிறான். கடைசி 2 நிமிடத்தில்தான் வாய் திறந்து பேசுகிறான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தகைய வீடியோக்களைச் செய்கிறார்கள். 'முப்பது வினாடிக்குள் எடுத்தால் குற்றமில்லை', 'உரிமையாளர் பெயரைப் போட்டால் போதும்' என்பவை அவர்களிடையே உலவும் நம்பிக்கைகள். இவ்விரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. சட்டம் கேட்கும் கேள்வி வேறு. அதை அறிய, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்பது நலம். யூடியூபின் புகார் நடைமுறை அந்நாட்டுச் சட்டத்தின்மேல் அமைந்தது என்பதால் அது நமக்கும் அந்நியமன்று.

ஈத்தன் க்ளைன், ஹிலா க்ளைன் என்னும் தம்பதியர் 2016ஆம் ஆண்டு, மேட் ஹொசைன்சாதே என்பவரின் குறுநாடக வீடியோ ஒன்றைக் கேலி செய்து விமர்சித்தனர். மூல வீடியோவின் நீளம் 5 நிமிடம் 24 வினாடி. அதில் 3 நிமிடம் 15 வினாடியை, அதாவது பாதிக்கும் மேற்பட்ட பகுதியை, தங்களுடைய ஏறத்தாழ 14 நிமிட வீடியோவில் எடுத்துக் காட்டினர். அவர் வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி கேத்தரின் ஃபாரஸ்ட், தம்பதியர் செய்தது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தார்.

மூலத்தில் பாதிக்கு மேல் எடுத்தும் அவர்கள் வென்றது எப்படி? அவர்கள் மூலத்தைத் தொடர்ந்து ஓடவிடவில்லை. சிறிது காட்டுவார்கள், நிறுத்துவார்கள், அந்தக் காட்சியின் வசனத்தை, நடிப்பை, அதிலுள்ள எண்ணப்போக்கைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு அடுத்த துண்டுக்குச் செல்வார்கள். எடுத்த ஒவ்வொரு துண்டும் அதைப் பற்றிய பேச்சுக்குச் சான்றாக நின்றது. மூலம் ஒரு நோக்கத்துக்கு எடுக்கப்பட்டது. இவர்கள் கையில் அது விமர்சனத்துக்குரிய பொருளாக மாறியது. சட்டத்தார் உருமாற்றப் பயன்பாடு என்று சொல்வது இதைத்தான். மேலும், மூலத்தை ரசிக்க விரும்பும் ஒருவருக்கு க்ளைன் தம்பதியரின் வீடியோ அதற்கு மாற்றாக அமையாது. ஆகவே மூலத்தின் சந்தையை அது பறிக்கவில்லை என்றும் நீதிபதி கண்டார்.

ஆனால் அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றை நம் பிள்ளைகள் மனத்தில் இருத்த வேண்டும். எல்லா ரியாக்‌ஷன் வீடியோக்களும் நியாயமான பயன்பாடு என்று தாம் தீர்ப்பளிக்கவில்லை என்று நீதிபதி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். துண்டு துண்டாகக் காட்டி விமர்சிப்பவை ஒரு வகை. விமர்சனமின்றி, பலர் கூடி அமர்ந்து படம் பார்ப்பதைப் போன்றவை மற்றொரு வகை. என் மருமகன் செய்தது இரண்டாம் வகை. அவன் வீடியோவைப் பார்த்து முடித்தவர் அந்த விவாதத்தை மீண்டும் தேடிப் போக வேண்டியதில்லை. 9 நிமிடமும் அங்கேயே கிடைத்துவிட்டது.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓவியர் ஆண்டி வார்ஹோல் தொடர்பான வழக்கில் இந்தக் கோட்டை இன்னும் இறுக்கியது. புதிய பொருளோ புதிய தோற்றமோ சேர்த்தேன் என்பது மட்டும் போதாது. பிறருடைய படைப்பை எடுத்தாள்வதற்குத் தக்க காரணம் வேண்டும் என்பது அதன் சாரம். மூலத்தையே விமர்சிப்பவருக்கு அந்தக் காரணம் இயல்பாகவே உண்டு. தம் முகபாவனைக்குப் பின்னணியாக மட்டும் அதை ஓடவிடுபவருக்கு அது இல்லை.

இந்தியச் சட்டத்தில் 'உருமாற்றம்' என்ற சொல்லே இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நியாயமான கையாளுதலுக்குரிய நோக்கங்களைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. விமர்சனமும் மதிப்புரையும் அவற்றுள் அடங்கும், பொழுதுபோக்கு அடங்காது. எனவே இங்கும் 'நான் விமர்சித்தேன்' என்று காட்ட முடிந்தவருக்கே தற்காப்பு உண்டு.

இனி, உரிமைக் கோரல் வந்தால் என்ன செய்வது? முதலில் அது எவ்வகை என்று பார்க்க வேண்டும். யூடியூபின் தானியங்கி முறை ஒலியையும் காட்சியையும் ஒப்பிட்டு எழுப்பும் கோரல் ஒரு வகை. விமர்சனம் எது, நகல் எது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. விவாதத்தின் பின்னணியில் ஒலித்த இசைத்துணுக்குக்குக்கூட அது கோரல் எழுப்பும். இதனால் வீடியோவின் விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோ முடக்கப்படலாம்; ஆனால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழாது. மறுப்புத் தெரிவித்தால் உரிமையாளர் பதிலளிக்க 30 நாள் உண்டு. அவர் விலகிக்கொள்ளலாம், விடாமல் நீக்கக் கோரிக்கையும் அனுப்பலாம். அதுவே இரண்டாம் வகை. அதற்கு ஸ்ட்ரைக் உண்டு. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலையே இழக்க நேரிடும்.

நீக்கக் கோரிக்கைக்கு எதிராக எதிர் அறிவிப்பு அனுப்ப வழியுண்டு. அதில்தான் பிள்ளைகள் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. அந்தப் படிவத்தில் உண்மையான பெயரும் முகவரியும் தர வேண்டும். அவை புகார் செய்தவருக்குச் செல்லும். வெளிநாட்டில் இருப்பவர், அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படவும் அதில் சம்மதிக்கிறார். கோபத்தில் இரவு பதினொரு மணிக்கு அழுத்தும் பொத்தான் அன்று அது. க்ளைன் தம்பதியர் வென்றார்கள். ஆயினும் ஓராண்டுக்கும் மேலாக வழக்காடினார்கள், அதன் செலவுக்கு மக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. நியாயமான பயன்பாடு என்பது வழக்கு வந்தபின் வாதிட உதவும் தற்காப்பு. வழக்கே வராமல் தடுக்கும் வேலி அன்று.

என் மருமகனை அந்தக் கோரலுடன் போராட வேண்டாம் என்றேன். விவாதத்தில் எந்தெந்த இடத்தில் உனக்கு உண்மையில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கிறது என்று கேட்டேன். யோசித்து ஆறு இடங்களைக் குறித்தான். அவற்றை மட்டும் வெட்டி எடுத்தோம். எல்லாம் சேர்ந்து 2 நிமிடத்துக்குள் அடங்கின. ஒவ்வொன்றுக்குப் பிறகும் படத்தை நிறுத்தி, அந்த வாதத்தில் எது பிழை, எது சரி என்று அவனே பேசினான். பின்னணி இசையுள்ள பகுதியை விட்டுவிட்டோம். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினான்.

இனிமேல் கோரலே வராது என்று அவனுக்கு நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் வந்தால், ஒவ்வொரு துண்டையும் சுட்டி, 'இதை எடுத்தது இதைச் சொல்வதற்காக' என்று அவனால் பதில் எழுத முடியும். பழைய வீடியோவுக்கு அப்படி ஒரு வரிகூட எழுத வழியில்லை. பிள்ளைகள் வீடியோ ஏற்றுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: உன் பேச்சை எடுத்துவிட்டால் இதில் மீதி என்ன இருக்கும்? பிறருடைய வீடியோ முழுதாக மிஞ்சும் என்றால், அதை ஏற்றாதிருப்பதே நல்லது.